நீல ஃபியூஸை எடுத்துவிட்டுப் பச்சை ஃபியூஸ் போட்டுக் கொடுத்தார்கள், என் கார் எரியாமல் தப்பியதே பெரிது

காரில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சார்ஜர் வாங்கி ஏமாந்த கதை இது. சார்ஜரில் ஏமாந்தது சின்ன விஷயம். அதற்குப் பிறகு அதே கடைக்காரர் செய்த "ரிப்பேர்"தான் பெரிய விஷயம், அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கடைப் பெயர் போடவில்லை, கேட்காதீர்கள். இதே வேலையைச் செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஒரு நீண்ட இரவுப் பயணத்துக்கு முந்தின நாள், கார் சாமான் விற்கும் கடையில் மூன்று யுஎஸ்பி துளை உள்ள சார்ஜர் ஒன்றும், பின் சீட் வரை எட்டட்டும் என்று இரண்டு மீட்டர் கேபிள் ஒன்றும் வாங்கினேன். சார்ஜர் முகத்தில் பெரிய எழுத்தில் 120 வாட் என்று இருந்தது. "எந்த போனா இருந்தாலும் அரை மணியில ஃபுல் சார்" என்றார். நானும் நம்பினேன்.

இரவு கிளம்பும்போது போனில் 62 சதவீதம். வழிகாட்டி மேப் ஓடுகிறது, திரை முழு வெளிச்சம், சார்ஜ் ஏறுகிறது என்று மின்னல் குறியும் காட்டுகிறது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 41. சார்ஜ் போட்டுக்கொண்டே சார்ஜ் இறங்குகிறது! பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் "சரியா சொருகல மாமா" என்று சார்ஜரைப் பிடுங்கினார். உடம்பு மட்டும் கையோடு வந்தது, முனையில் இருக்கும் உலோகக் குமிழும் அதன் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கும் சாக்கெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. இந்த மலிவு சார்ஜர்களில் முனையைப் பிடித்திருப்பது ஒரு திருகு வளையம்தான், நாலு முறை ஆட்டினால் அது கழன்றுவிடும். சாக்கெட்டின் அடியில் பிளஸ், சுற்றுச்சுவர் மைனஸ். கழன்ற ஸ்பிரிங் சாய்ந்து இரண்டையும் தொட்டது, அந்த நொடியே சாக்கெட் செத்துவிட்டது. அதாவது ஃபியூஸ் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

ஊர் திரும்பியதும் நேராக அந்தக் கடைக்கே போனேன், அதுதான் தப்பு. அவர் மூக்குக் குறடால் குமிழை வெளியே எடுத்தார், அதே சார்ஜரில் திருகி மாட்டினார், டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு ஃபியூஸை மாற்றினார். சார்ஜ் ஏறவே இல்லையே என்று கேட்டதற்கு வந்த பதில்: "உங்க வண்டி ஃபியூஸ் வீக்கு சார், அதான் கரண்ட் பத்தல. பெருசு போட்டுட்டேன், இனி பறக்கும்."

இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை பொய் என்று எனக்கு அப்போது தெரியாது. ஃபியூஸ் கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற குழாய் இல்லை. 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் 15 வரை தாராளமாக விடும், அதற்கு மேல் தொடர்ந்து போனால் உருகும், அவ்வளவுதான். போனுக்கு எவ்வளவு வேண்டுமோ அதைச் சார்ஜர் இழுத்துக்கொள்கிறது. நல்ல 45 வாட் சார்ஜர் முழு வேகத்தில் ஓடினாலும் 12 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர்தான் இழுக்கும். அந்த மாதிரி இரண்டு ஓடினாலும் 15க்குப் பக்கத்தில்கூட வராது. ஆக போன் சார்ஜ் போட்டு ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ் போகிறது என்றால் ஃபியூஸ் சின்னதாக இருக்கிறது என்று அர்த்தமே இல்லை, எங்கேயோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம்.

நாலு நாள் கழித்து, போன் மாட்டாமல் வெறும் சார்ஜர் மட்டும் சொருகியிருந்தபோது, வண்டிக்குள் கருகிய பிளாஸ்டிக் வாடை. ஏசியிலிருந்து வருகிறது என்று நினைத்து ஏசியை அணைத்தேன், வாடை போகவில்லை. கியர் பக்கம் கை வைத்தால் சார்ஜரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் வளையம் தொட முடியாத சூடு. துணியை வைத்துப் பிடுங்கினேன். சாக்கெட்டின் வாய் ஒரு பக்கம் இளகி உள்ளே வளைந்திருந்தது, சார்ஜரின் பக்கவாட்டுத் தகடு நீலம் பாய்ந்திருந்தது. ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

மறுநாள் வேறு ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கன்சோலைத் திறந்து காட்டினார். சாக்கெட்டின் பின்னால் வரும் வயரின் மேலுறை ஒரு சாண் நீளத்துக்கு இளகி, பக்கத்து வயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு நடந்தும் ஃபியூஸ் போகவில்லை. அவர் ஃபியூஸ் பாக்ஸ் மூடியைத் திருப்பி அதில் இருந்த படத்தைக் காட்டினார், சாக்கெட்டுக்கு நேராக 15 என்று அச்சடித்திருந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்திருந்ததோ பச்சை ஃபியூஸ். தட்டை ஃபியூஸ்களில் நிறமே அளவு: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. என் வண்டியில் நீலம் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு இரண்டு மடங்கு.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஃபியூஸ் இருப்பது சார்ஜரைக் காப்பாற்ற இல்லை, சுவருக்குள் ஓடும் ஒயரிங் மாதிரி டேஷ்போர்டுக்குள் ஓடும் வயரைக் காப்பாற்ற. 15 ஆம்பியருக்குத் தக்க வயரைப் போட்டு, 15 ஃபியூஸ் வைத்திருக்கிறார்கள். ஃபியூஸை மட்டும் 30 ஆக்கினால் வயர் தடிமனாகிவிடாது, சங்கிலியில் பலவீனமான கண்ணி இப்போது ஃபியூஸுக்குப் பதில் வயர். என் சார்ஜரைப் பிளந்து பார்த்தபோது உள்ளே போர்டு ஒரு மூலையில் கரிந்திருந்தது, முழு ஷார்ட் இல்லை, அரைகுறை ஷார்ட். முழு ஷார்ட்டாக இருந்திருந்தால் 30 ஃபியூஸும் உடனே போயிருக்கும். அரைகுறையாக இருந்ததால் வயரைச் சுடும் அளவுக்கு இழுத்தது, 30-ஐ உருக்கும் அளவுக்கு இழுக்கவில்லை. பழைய நீல ஃபியூஸ் இருந்திருந்தால் 20 சொச்சம் ஆம்பியரில் சில நொடியிலோ சில நிமிடத்திலோ போயிருக்கும் (15-ஐத் தாண்டிய உடனே பட்டென்று போகாது, கொஞ்சம் மிஞ்சினால் நிமிடக்கணக்கில் தாங்கும், இரண்டு மடங்கு போனால் அதிகபட்சம் ஐந்து நொடி). அப்புறம், நல்ல சார்ஜர்களின் முனைக் குமிழுக்குப் பின்னால் சின்னக் கண்ணாடி ஃபியூஸ் ஒன்று இருக்குமாம். இதில் அந்த இடத்தில் ஸ்பிரிங் மட்டும்தான்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம், சார்ஜ் ஏன் ஏறவில்லை? அந்த எலக்ட்ரீஷியனுக்கே அதில் ஆர்வம் வந்துவிட்டது. எரிந்த சார்ஜரின் பக்கவாட்டில் எறும்பு எழுத்தில் இருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்: 5 வோல்ட், 3.1 ஆம்பியர், மூன்று துளைக்கும் சேர்த்து. பெருக்கினால் 15 வாட் சொச்சம். முகத்தில் 120, இடுப்பில் 15! அதுவும் 5 வோல்ட் மட்டும்தான், 9 வோல்ட்டுக்கு ஏறும் வேகச் சார்ஜ் அதில் இல்லவே இல்லை.

ஆனால் 15 வாட் ஒழுங்காக வந்திருந்தால்கூட போன் இறங்கியிருக்காது. மிச்சத்தைத் தின்றது கேபிள். அவரிடம் இருந்த இன்னொரு 5 வோல்ட் சார்ஜரில் என் கேபிளை மாட்டி, யுஎஸ்பி மீட்டர் என்ற சின்னப் பெட்டியை முதலில் சார்ஜர் பக்கம் வைத்துப் பார்த்தார், 5.0 வோல்ட். அதையே போன் பக்கம் வைத்தால் 4.4 வோல்ட், 0.7 ஆம்பியர். வழியிலேயே 0.6 வோல்ட் காணாமல் போய்விட்டது. போனுக்குப் போய்ச் சேர்ந்தது 3 வாட். மேப்பும் திரையும் சிக்னலும் சேர்ந்து அதற்கு மேல் தின்றால் 62 எப்படி 41 ஆகாமல் இருக்கும்?

கணக்குக் கேட்பவர்களுக்கு: கேபிளின் மேல் 28 ஏடபிள்யூஜி என்று பொடியாக அச்சடித்திருந்தது. இந்த எண் கூடக் கூட உள்ளே இருக்கும் செம்பு மெல்லியது, அது தலைகீழ்க் கணக்கு. 28 நம்பர் கம்பி ஒரு மீட்டருக்கு 0.21 ஓம் இருக்கும். இரண்டு மீட்டர் கேபிளில் கரண்ட் போய்த் திரும்பி வர நாலு மீட்டர், ஆக 0.85 ஓம். அதில் 0.7 ஆம்பியர் போனால் 0.6 வோல்ட் போச்சு, மீட்டர் காட்டியதும் அதே. 2 ஆம்பியர் கேட்டால் 1.7 வோல்ட் போய், 5-இல் மிச்சம் 3.3தான். வோல்ட் அப்படி விழுவதைப் பார்த்ததும் போன் தானாகவே கேட்பதைக் குறைத்துக்கொள்கிறது, ஆனால் மின்னல் குறியை மட்டும் காட்டிக்கொண்டே இருக்கிறது. நாம் ஏமாறுவது அந்தக் குறியில்தான்.

அப்புறம் அவர் ஒரு மீட்டர் நீளமுள்ள 22 நம்பர் கேபிளை மாட்டினார். அதே சார்ஜர், அதே போன், 4.8 வோல்ட், 1.8 ஆம்பியர், அதாவது 8 வாட்டுக்கு மேல். கேபிளை மட்டும் மாற்றி மூன்று மடங்கு கிட்ட வந்துவிட்டது. 9 வோல்ட் கொடுக்கும் சார்ஜர் என்றால் அதே வாட்டுக்குக் கரண்ட் கிட்டத்தட்ட பாதிதான் போகும், கேபிளில் வீணாவது சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும், அதனால்தான் வேகச் சார்ஜர்கள் வோல்ட்டை ஏற்றுகின்றன. சில போன்கள் மட்டும் வோல்ட்டை ஏற்றாமல் கரண்டையே ஏற்றும் ரகம், அவற்றுக்குக் கூட வந்த தடிமனான கேபிளோ அதற்கு ஈடானதோ இல்லாவிட்டால் வேகம் வராது. வெளியே பார்த்துத் தடிமனை முடிவு செய்யாதீர்கள், என் கேபிள் மேலே துணி சுற்றிக் கட்டைவிரலில் பாதி இருந்தது, வெட்டிப் பார்த்தால் உள்ளே முடி மாதிரி நாலு இழை.

கடைக்குத் திரும்பப் போய் உருகிய சாக்கெட்டையும் பச்சை ஃபியூஸையும் மேசையில் வைத்தேன். "நாங்க எல்லா வண்டிக்கும் இதான் சார் போடுறோம்" என்றார். அதைத் தற்காப்பாகத்தான் சொன்னார். எனக்கு அதைக் கேட்டதும்தான் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அந்தக் கடை வாசலில் நாள் முழுக்க வண்டி நிற்கும். பணம் திரும்பக் கிடைக்கவில்லை. சார்ஜர் "யூஸ் பண்ணிட்டீங்க" என்பதால் மாற்றியும் தரவில்லை.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது எப்போதாவது வெளிக் கடையில் சாக்கெட் ஃபியூஸ் மாற்றப்பட்டிருந்தால், இன்றைக்கே மூடியைக் கழற்றி, மூடியில் இருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் ஃபியூஸின் தலையில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். சில வண்டிகளில் 10 இருக்கும், சிலவற்றில் 20, படத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் சரி, என் 15-ஐப் பார்த்து மாற்றாதீர்கள். எனக்குச் சாக்கெட்டும் வயரும் புதிதாக மாற்ற அரை நாள் ஆனது. டேஷ்போர்டு பெட்டியில் இப்போது நாலு நீல ஃபியூஸும், அவற்றைப் பிடுங்கும் பிளாஸ்டிக் இடுக்கியும் கிடக்கின்றன, அந்தப் பச்சையையும் தூக்கிப் போடவில்லை, மச்சான் அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறார்.