உத்தரவாதம் இருந்தும் 58,000 ரூபா: திரையில் ஒரு கோடு, சேவை நிலையத்துக்கு ஒரு கடிதம்

கொழும்பில் மடிக்கணினியைத் திருத்தக் கொடுக்கவிருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுச் செல்லவும். உத்தரவாதக் காலம் முடிவடையாத என் கணினிக்கு, காலி வீதியிலுள்ள ஒரு சேவை நிலையம் 58,000 ரூபா அறவிட்டிருக்கிறது.

திரையின் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை மயிரிழை போன்ற ஒரு பச்சைக் கோடு தோன்றியிருந்தது. பொறுப்பேற்ற இளைஞர் பற்றுச்சீட்டைப் பார்த்துவிட்டு, "வொரண்டி இருக்குத்தானே, யோசிக்காதீங்க அக்கா, பெனல் மாத்தித் தருவாங்க" என்றார். கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பின்பே ஒப்படைப்புச் சீட்டில் "திரையில் கோடு" என்று எழுதினார். கீறல், வெடிப்பு என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. அந்தச் சீட்டை நம்பியே வீடு திரும்பினேன். ஒரு வாரம் கழித்து வந்த அழைப்பில், "பிசிக்கல் டெமேஜ்" என்பதால் உத்தரவாதம் செல்லாது என்றும், 58,000 ரூபா கட்டினால் அன்றே எடுத்துச் செல்லலாம் என்றும் சொன்னார்கள். அலுவலக வேலை தேங்கிக் கிடந்ததால், ஆட்சேபத்தைப் பற்றுச்சீட்டிலேயே எழுதிவிட்டுக் கட்டினேன்.

பின்னர் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தின் முக்கிய பகுதி இது:

"கோடு ஒரு பிக்சல் அகலத்தில், திரையின் முழு உயரத்துக்கும் நேராக ஓடியது. விண்டோஸ் தொடங்கும் முன்னரே, பயோஸ் திரையிலும் அது தெரிந்தது, எச்.டி.எம்.ஐ. வடத்தில் இணைத்த வெளி மொனிட்டரில் தெரியவில்லை, ஸ்கிரீன்ஷொட்டிலும் பதியவில்லை. எனவே பழுது மென்பொருளிலோ கிராபிக்ஸ் சிப்பிலோ இல்லை. திரையின் ஒவ்வொரு நிரலுக்குமான மின்சமிக்ஞை, பெனலின் விளிம்பில் ஒட்டப்பட்ட மெல்லிய படலங்கள் வழியாகவே வருகிறது. அந்த ஒட்டு ஓரிடத்தில் விட்டுப்போனால் அந்த நிரல் மட்டும் ஒரே நிறத்தில் நின்றுவிடும். அழுத்தத்தாலும் இது நேரலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் வெடிப்போ, கருங்கறையோ, மூடியில் பள்ளமோ எந்த இடத்தில் இருந்தது என்பதைப் படத்துடன் காட்டுங்கள். கழற்றிய பெனலையும் என்னிடம் தாருங்கள்."

எழுத்தில் பதில் எதுவும் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, படம் எடுக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். பழைய பெனலை அப்புறப்படுத்திவிட்டார்களாம். சேதத்துக்கான ஒரே சான்றை வீசியவர்கள்தான் சேதம் இருந்ததென்று சாதிக்கிறார்கள்! முகாமையாளர் எப்போதும் கூட்டத்தில் இருக்கிறார். விற்ற கடையோ, சேவை நிலையத்தின் முடிவே இறுதியானது என்று கையை விரிக்கிறது. 58,000 ரூபாவைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

ஒப்படைக்கும் முன், திரையை அணைத்தும் எரியவிட்டும் படம் எடுங்கள். "வெளிச்சேதம் இல்லை" என்று சீட்டில் எழுதுவித்து, கழற்றும் பாகம் உங்களுக்கு வேண்டும் என்பதையும் அதிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். மறுத்தால் கணினியைக் கொடுக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்துமூலம் கொடுங்கள். நான் கடிதத்தின் பிரதியையும் ஒப்படைப்புச் சீட்டையும் இணைத்துக் கொடுத்துவிட்டேன். 58,000 ரூபா இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.