மேற்குச் சுவருக்கு இன்சுலேஷன்: வெளியிலா, உள்ளேயா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஏப்ரலில் மூன்று மணிக்கு மேல் வெயில் சாய்ந்து மேற்குச் சுவரில் நேராக விழும். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரைக் கடந்து அந்தச் சூடு உள்ளே வர ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் வெளியே காற்று குளிர்ந்த பிறகும், படுக்கப் போகும் நேரத்தில் சுவர் அனலாக இருக்கிறது.

இரண்டு இஞ்ச் தெர்மாகோல் பலகையை ஒட்டினால் அந்தச் சுவர் வழியாக வரும் சூடு ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். உள்ளே ஒட்டினாலும் வெளியே ஒட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. செங்கல் யார் பக்கம் நிற்கிறது என்பதுதான் மாறும்.

பலகை வெளியே இருந்தால் செங்கல் வெயிலைப் பார்க்காது, அறையோடு சேர்ந்துகொள்ளும். நம் ஊரில் கோடையிலும் விடியற்காலைக் காற்று 25, 26 டிகிரிக்கு இறங்குகிறது. இரவில் ஜன்னலைத் திறந்து வைத்தால் செங்கல் அந்தக் குளிர்ச்சியை வாங்கி வைத்துக்கொண்டு பகலில் அறைச் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஃபேன் மட்டும் ஓடும் வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். மற்ற மூன்று சுவரும் தரையும் இதே வேலையைச் செய்வதால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இருக்காது. ஆனால் தளமும் குறுக்குச் சுவரும் மேற்குச் சுவரோடு சேரும் இடங்களை வெளிப்பலகை ஒரே போர்வையாக மூடிவிடுகிறது. உள்பலகை அந்த மூலைகளில் அறுந்துபோவதால் சூடு அங்கே புகுந்துவிடும்.

பலகை உள்ளே இருந்தால் செங்கல் வெளியே காய்ந்துகொண்டிருக்கும், அறைக்கு அதோடு பேச்சில்லை. இரவு பத்து மணிக்கு ஏசி போட்டுக் காலையில் நிறுத்துகிறவர்களுக்கு இது லாபம். ஏசி அந்தச் செங்கலையும் சேர்த்துக் குளிர வைக்க வேண்டியதில்லை, அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

வெளியே ஒட்டும் வேலைக்கு மாடியில் இருக்கும் ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். சுவர் 12 அடிக்கு 10 அடி, நடுவில் 4 அடிச் சதுர ஜன்னல். ஜன்னல் போக 104 சதுர அடி. ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் பலகை என்றால் இருபது, சேதாரத்துக்கு இரண்டு கூட. பேக்கிங்குக்கு வரும் லேசான தெர்மாகோல் வேண்டாம், கன மீட்டருக்கு 20 கிலோ அடர்த்தி கேட்டு வாங்குங்கள். பலகையின் நான்கு ஓரமும் பாலிமர் கலந்த ஒட்டுக்கலவை, நடுவில் சில உருண்டைகள், கலவை இறுகிய பிறகு சதுர மீட்டருக்கு ஆறு பிளாஸ்டிக் வட்ட ஆணி. அதன் மேல் மெல்லிய பூச்சில் பதித்த ஃபைபர் வலை, கடைசியில் வெளிர் நிறப் பூச்சு.

வேலை கெடுவது பெரும்பாலும் இந்தப் பூச்சில்தான். மேஸ்திரி கோழி வலையை அடித்து வழக்கமான சிமெண்ட் பூச்சைத் தடிமனாக ஏற்றிவிடுவார். கேட்டால், "நாங்க எத்தனை வீட்டுக்குப் பூசியிருக்கோம் சார்" என்பார். பூசியிருப்பார்தான், தெர்மாகோல் மேல் அல்ல. ஒரு கோடைக்குள் பலகை இணைப்புகளின் வழியே விரிசல் ஓடும், மழைநீர் இறங்கும். ஜன்னலின் நான்கு மூலைகளிலும் வலைத்துண்டு ஒன்றைச் சாய்வாகக் கூடுதலாக வைக்காவிட்டால் முதல் கோடு அங்கேதான் விழும். தட்டிப் பார்த்தால் சில பலகைகள் மட்டும் டொக்கென்று வேறு மாதிரிச் சத்தம் தரும், அவை ஒட்டாத பலகைகள். ஒட்டிய பலகையை வாரக்கணக்கில் வெயிலில் விட்டால் மேல்பரப்பு மஞ்சளாகிப் பொடியும். அப்படி ஆகிவிட்டால் தேய்த்தெடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் இரவில் அறை புழுங்கினால் மேற்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் சுவர் மேல் குற்றமில்லை, சூடு மொட்டை மாடித் தளம் வழியாகவோ ஜன்னல் கண்ணாடி வழியாகவோ வருகிறது. மாடி அறையில் தளத்தைக் கவனிக்காமல் சுவருக்குச் செலவழிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சுவர் சரியாக எல்லைக்கோட்டில் நின்றால் வெளியே ஒட்ட வழியில்லை, இரண்டு இஞ்சும் பக்கத்து மனைக்குள் போய்விடும். அங்கே உள்வேலைதான். இரும்புச் சட்டம், நடுவில் ராக்வுல் என்ற கல்நார்ப் பஞ்சு போன்ற பாறை இழைப் பாய், மேலே ஜிப்சம் பலகை என்று மூன்று இஞ்ச் அறை குறையும். சுவிட்ச் பெட்டிகளை முன்னால் இழுக்க வேண்டும். அலமாரி மாட்டும் இடத்தில் சட்டத்துக்குள் முன்கூட்டியே பிளைவுட் வைக்க வேண்டும், வெறும் ஜிப்சம் பாரம் தாங்காது. அதைவிட முக்கியம், மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஈரம் தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது. ஈரம் இருந்தால் முதலில் வெளிப்பூச்சு விரிசலை அடைத்துச் சுவரைக் காயவிட்டு, அப்புறம் சட்டம் அடியுங்கள். பலகை ஏறிவிட்டால் பின்னால் பூஞ்சை பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது, வாடை வந்த பிறகுதான் தெரியும்.