கார்ட்டூன் உருவத்தில் அப்பாவின் முகம்: எந்த வழி கோட்டைக் காக்கிறது?

மணிவிழா அழைப்பிதழில் தம்பதியரைக் கார்ட்டூன் உருவங்களாக அச்சிட விரும்பும் குடும்பங்கள் சிங்கப்பூரில் உண்டு. மாலையும் பட்டுவேட்டியும் கூறைப்புடவையுமாக வரையப்பட்ட ஓர் ஓவியம் முன்பே கையில் இருக்கும். அதிலுள்ள பொதுவான முகங்களை எடுத்துவிட்டு, புகைப்படத்தில் இருக்கும் பெற்றோரின் முகங்களை அதே கோட்டில், அதே நிறப்பூச்சில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் வேலை. இதற்கு இன்று நான்கு வழிகள் போட்டியிடுகின்றன. ஒரே ஓவியத்தை நான்கின்முன்னும் வைத்துப் பார்த்தால், எது எங்கே தோற்கிறது என்பது தெளிவாகும்.

எடுத்துக்காட்டாக ஏ5 அளவு அழைப்பிதழைக் கொள்வோம். ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அச்சுத் தரத்தில் அது 1748க்கு 2480 பிக்சல். அப்பாவின் உருவத்தில் முகத்தின் உயரம் 28 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 330 பிக்சல். ஓவியர் எல்லா வெளிக்கோடுகளையும் அரை மில்லிமீட்டர் தடிமனில், கறுப்பில் அல்லாமல் அடர் பழுப்பில் இழுத்திருக்கிறார். அது 6 பிக்சல். தோலுக்கு இரண்டே நிறங்கள், அடிநிறம் ஒன்று, நிழல் ஒன்று. அப்பாவுக்கு அடர்ந்த மீசை, கனத்த சட்டமிட்ட மூக்குக்கண்ணாடி, நெற்றியில் திருநீறு, சற்று அகன்ற மூக்கு.

முதல் வழி, நேரடி முகமாற்றக் கருவிகள். ரூப், ஃபேஸ்ஃபியூஷன், ரியாக்டர் போன்றவற்றில் பரவலாகப் பயன்பட்டுவரும் செயற்கை நுண்ணறிவு மாதிரியின் பெயர் `inswapper_128`. பெயரிலேயே அதன் எல்லை இருக்கிறது: அது முகத்தை 128க்கு 128 பிக்சலில் மட்டுமே உருவாக்குகிறது. நம் 330 பிக்சல் முகத்துக்கு அதை இரண்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும். அந்த மங்கலை நீக்கச் சேர்க்கப்படும் ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் போன்ற சீர்செய்யும் மாதிரிகள் உண்மையான முகப் படங்களால் பயிற்சி பெற்றவை என்பதால், இருநிறப் பூச்சு கொண்ட கன்னத்தில் தோலின் துளைகளையும் பளபளப்பையும் வரைந்துவிடுகின்றன. அதற்கும் முன்னால், கார்ட்டூன் முகத்தில் மூக்கு ஒரு சிறு வளைவாகவோ கண் இரு புள்ளிகளாகவோ இருந்தால், முகத்தைக் கண்டுபிடிக்கும் கட்டத்திலேயே கருவி நின்றுவிடக்கூடும். சாயல் மிக நெருக்கமாக வரும் என்பது உண்மைதான். ஆனால் அது ஓவியத்தின்மேல் ஒட்டிய புகைப்படமாகவே நிற்கும். எண்ணெய் வண்ண ஓவியம்போல் நிழலும் ஒளியும் கொண்ட உருவங்களுக்கும் முப்பரிமாண உருவங்களுக்கும் இது ஓரளவு பொருந்தலாம். கோட்டோவியத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வழி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்று படம் உருவாக்கும் மாதிரியில் முகப்பகுதியை மட்டும் மாஸ்க் இட்டு மறுபடி வரையச் செய்வது. முகச்சாயலை ஐபி-அடாப்டரின் ஃபேஸ்ஐடி அல்லது இன்ஸ்டன்ட்ஐடி தரும். கோட்டின் போக்கைக் கன்ட்ரோல்நெட் தரும். நான்கு வழிகளில் கட்டுப்பாடு மிகுந்தது இது. சிக்கலும் இதில்தான் மிகுதி. அச்சிக்கல்களுள் பலரும் காரணம் புரியாமல் தவிப்பது கோட்டுத் தடிமன் பற்றியது.

மாஸ்க் 400 பிக்சல் அகலம் என்று கொள்வோம். ஸ்டேபிள் டிஃப்யூஷனை இயக்கும் ஆட்டோமேட்டிக்1111 மென்பொருளின் `Only masked` என்ற அமைப்பில், வழக்கமான 32 பிக்சல் விளிம்போடு மென்பொருள் 464 பிக்சல் பகுதியை வெட்டியெடுத்து, மாதிரிக்கு ஏற்ற 1024 பிக்சலுக்குப் பெரிதாக்குகிறது. அந்தப் பெருக்கத்தில் ஓவியரின் 6 பிக்சல் கோடு 13 பிக்சலாகத் தெரியும். மாதிரியோ தன் பழக்கப்படி 6 பிக்சல் அளவிலேயே கோடு இழுத்தால், அது திரும்பச் சுருங்கி ஓவியத்தில் அமரும்போது 3 பிக்சலுக்கும் குறைவாகிவிடும். தாடைக்கோடு மெலிந்தும் அதனோடு சேர வேண்டிய கழுத்துக்கோடு தடித்தும் நிற்பதற்குக் காரணம் இதுதான். குறிப்புச் சொற்களில் ‘தடித்த கோடு’ என்று எத்தனை முறை எழுதினாலும் இது முழுதாகச் சரியாகாது, ஏனெனில் பிழை அளவுகோலில் இருக்கிறது. `Only masked padding, pixels` என்ற மதிப்பை 256 ஆக்கினால் வெட்டும் பகுதி 912 பிக்சலாகும். பெருக்கம் மிகச் சிறிதாகிவிடும், மாதிரி இழுக்கும் கோடும் ஏறத்தாழ அதே தடிமனில் திரும்பி வரும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மாலையும் சட்டைக் காலரும் காதும் அந்த வெட்டுக்குள் வந்துவிடுவதால், அந்த ஓவியரின் கோடு எப்படி முடிகிறது, நிழல் எப்படி விழுகிறது என்பதை மாதிரி பக்கத்திலேயே பார்த்து வரைகிறது.

அடுத்தது `Denoising strength`, அதாவது பழைய படத்தை எவ்வளவு மாற்றி வரையலாம் என்ற அளவு. 0.35க்கு அருகில் வைத்தால் பழைய பொது முகமே பெரிதும் தங்கிவிடும், 0.7ஐத் தாண்டினால் ஓவியரின் பாணி கலையத் தொடங்கும். 0.45க்கும் 0.6க்கும் இடையில் தேடுவது நல்லது. கன்ட்ரோல்நெட்டுக்குப் பழைய முகத்தின் கோட்டையே கொடுத்துவிட்டு அப்பாவின் முகம் வரவில்லையே என்று வருந்துவது வீண், ஏனெனில் அந்தக் கோடுதான் பழைய முகம். அந்த இடத்தில் அப்பாவின் முகத்தைக் கையால் வரைந்த எளிய கோட்டுப்படம் ஒன்றைக் கொடுத்தால் விளைவு முற்றிலும் மாறும். கையை விட்டு முழுவதும் விலகிவிட முடியாது என்பதை இந்த வழியே நமக்குச் சொல்கிறது.

மூன்றாவது, சொல்லால் கட்டளையிட்டுத் திருத்தும் மாதிரிகள். 2025இல் வெளியான ஃப்ளக்ஸ் கான்டெக்ஸ்ட், குவென் இமேஜ் எடிட், ஜெமினி 2.5 ஃப்ளாஷ் இமேஜ் ஆகியவை இவ்வகையின. ஓவியத்தையும் புகைப்படத்தையும் கொடுத்து, இந்த முகத்தை அந்தப் பாணியில் வரை என்று கேட்டால் போதும். முகத்தை ஒட்டாமல் ‘வரைந்து’ தருவதால், முதல் பார்வைக்கு நான்கிலும் இயல்பாகத் தோன்றுவது இதுதான்.

ஆனால் இவை கேட்ட இடத்தை மட்டும் மாற்றுவதில்லை. படம் முழுவதையும் புதிதாக ஆக்கித் தருகின்றன, அதுவும் பொதுவாகப் பத்து இலட்சம் பிக்சல் அளவில். நம் அழைப்பிதழோ 43 இலட்சம் பிக்சலுக்கு மேல். முழு ஓவியத்தையும் கொடுத்து வாங்கினால் கோட்டின் தடிமன் பாதியாகி, பிறகு பெரிதாக்கும்போது ஓரங்கள் மசங்கும். ஆகவே தலையும் தோளும் மட்டும் அடங்கிய 1024 பிக்சல் சதுரத்தை வெட்டிக் கொடுத்து, திரும்பி வந்ததை மூல ஓவியத்தின்மேல் தனி லேயராக வைத்து, முகத்தை மட்டும் மாஸ்கால் எடுத்துக்கொள்ள வேண்டும். லேயரின் கலப்பு முறையை `Difference` என்று மாற்றினால், மாறாத இடமெல்லாம் கறுப்பாகத் தெரியும். காலரின் ஓரம் வெள்ளைக் கோடாக மின்னினால் படம் சில பிக்சல் நகர்ந்திருக்கிறது என்று பொருள். அதை நகர்த்திப் பொருத்திய பிறகே மாஸ்க் இட வேண்டும்.

என்னை வருத்துவது இவற்றின் அழகுபடுத்தும் பழக்கம். அறுபது வயது முகம் நாற்பதாகிவிடுகிறது, அகன்ற மூக்கு ஒடுங்குகிறது, மீசை கத்தரிக்கப்படுகிறது, தோல் ஒரு படி வெளுக்கிறது. நம் வீட்டு முகங்களுக்கு இது சிறு குறையல்ல, முகஜாடையே போய்விடுகிறது. தோல் நிறத்தைக் கண்ணால் மதிப்பிடாமல், நிறம் எடுக்கும் கருவியால் கன்னத்தைத் தொட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு ஒப்பிடுவதே பாதுகாப்பு. மேலும், முகத்தின் நிறத்தை அப்பாவின் நிறத்துக்கு மாற்றினால் கழுத்து, காது, கை, கால் என ஓவியத்தில் தோல் தெரியும் எல்லா இடங்களையும் அதே இரு நிறங்களுக்கு மாற்ற வேண்டும். அதை விட்டுவிட்ட அழைப்பிதழ்களில் முகமூடி அணிந்ததுபோல் உருவம் தெரியும்.

நான்காவது, கையால் வரைவது. கிளிப் ஸ்டுடியோ, புரோக்ரியேட், கிருதா என எதுவும் ஏற்றதே. முதலில் மூல ஓவியத்தில் தாடை, மேலிமை, காலர் ஆகிய மூன்று இடங்களில் கோட்டை அளந்து, பிரஷ் அளவை அதற்கேற்ப வைத்து, கோட்டின் அடர் பழுப்பையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். புகைப்படத்தைப் பாதி ஒளிபுகுமாறு அடியில் வைத்து அப்படியே மேலெழுதுவது பலன் தராது. கார்ட்டூன் தலையின் விகிதம் வேறு, மனிதத் தலையின் விகிதம் வேறு. தலையின் வடிவத்தையும் கண்கள் அமரும் உயரத்தையும் ஓவியர் வைத்தபடியே விட்டுவிட்டு, சாயலைச் சுமக்கும் உறுப்புகளை மட்டும் மாற்ற வேண்டும். அப்பாவுக்கு அவை முன்தலை முடியின் எல்லை, புருவத்தின் சரிவு, கண்ணாடிச் சட்டம், மீசையின் அகலம், மூக்கின் அடிப்பகுதி ஆகிய ஐந்தே. இவை பொது முகத்திலிருந்து எந்தப் பக்கம் விலகுகின்றனவோ, அந்தப் பக்கம் இன்னும் சற்றே தள்ளி வரைந்தால் ஜாடை உடனே தெரியும். சுருக்கங்களையெல்லாம் கோடாக்கினால் முகம் கிழடுதட்டும், ஓவியரின் சிக்கனமும் கெடும். மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் இரு மடிப்புகள் போதும்.

இந்த ஓவியத்துக்கு என் தேர்வு மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்தது. கட்டளை மாதிரியிடம் முகம் ஒவ்வொன்றாகச் சில வரைவுகள் வாங்கி, இந்தப் பாணியில் கண்ணாடி எப்படி உட்காரும், மீசைக்கு எத்தனை கோடு தேவை என்பதைப் பார்த்துக்கொண்டு, இறுதிக் கோட்டைக் கையாலேயே இழுப்பேன். மெல்லிய நிழலாட்டம் மிகுந்த ஓவியமாக இருந்தால் இரண்டாவது வழி முன்னுக்கு வரும், ஏனெனில் அங்கே கையால் பூசும் உழைப்பு பெரிது. எவ்வழியில் முடித்தாலும் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதோடு நில்லாமல், உண்மையான அளவில் ஒரு தாள் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். பழுப்பு என்பது பல மைகள் சேர்ந்த நிறம். 3 பிக்சலாக மெலிந்த கோட்டில் அம்மைகள் இம்மி விலகினாலும் கோட்டோரத்தில் சாயம் கசிந்ததுபோல் தெரியும்.

உரிமைகளையும் தொடங்குமுன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். `inswapper_128` உள்ளிட்ட இன்சைட்ஃபேஸ் மாதிரிகள், தனி உரிமம் பெறாதவரை, வணிகமல்லாத ஆய்வுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. ஃபேஸ்ஐடியும் இன்ஸ்டன்ட்ஐடியும் முகத்தை அறிய அவற்றையே நம்புகின்றன. கட்டணம் வாங்கி அழைப்பிதழ் செய்பவர் இதனால் இரண்டாவது வழியிலும் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து வரைவித்த உருவப்படத்தின் உரிமையும் வரைந்தவருக்கே முதலில் சேரும். ஆகவே முகத்தை மாற்ற ஓவியரிடம் அனுமதி கேட்பது கடமை. அப்போதே கோடு, அடிநிறம், நிழல் ஆகியவை தனித்தனி லேயர்களாக உள்ள கோப்பையும் கேட்டு வாங்கிவிட்டால், அளந்தும் ஊகித்தும் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி குறைந்துவிடும்.