அப்பாவின் பாலிசியை மாற்றப் போய் ஒரு கடிதம் எழுதின கதை

டிசம்பர் 20ஆம் தேதி மெல்பர்னிலிருந்து கும்பகோணம் வந்து சேர்ந்தேன். ஆறு வார லீவு. கோவில், கல்யாணம், பல் டாக்டர் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். கடைசியில் அதிக நேரம் தின்றது அப்பாவின் மருத்துவக் காப்பீடுதான். பழைய கம்பெனியில் அறை வாடகைக்குக் காப்புத் தொகையில் ஒரு சதவீதம்தான் உச்சவரம்பு, அதாவது 5 லட்சத்துக்கு நாளொன்றுக்கு 5,000. அதைத் தாண்டின அறையில் படுத்தால் வாடகை வித்தியாசம் மட்டுமல்ல, மற்றப் பில்லிலும் அதே விகிதத்தில் வெட்டுகிறார்கள். அதனால் வேறு கம்பெனிக்கு மாற்றலாம் என்று அப்பாவே முடிவு பண்ணி வைத்திருந்தார். வேலையை என் தலையில் கட்டினார், அவ்வளவுதான்.

பாலிசி முடிவது 2026 பிப்ரவரி 22. இப்படிக் கம்பெனி மாற்றுவதற்குப் போர்ட்டபிலிட்டி என்று பெயர். அதற்கான விண்ணப்பத்தைப் புதுப்பிக்கும் நாளுக்குக் குறைந்தது 45 நாள் முன்னால் கொடுக்க வேண்டும், 60 நாளுக்கு முன்னால் கொடுக்கக் கூடாது என்று பாலிசிப் புத்தகத்தில் இருந்தது. கணக்குப் போட்டால் டிசம்பர் 25லிருந்து ஜனவரி 9 வரை. நான் வந்த நேரம் சரியாக அமைந்தது, திட்டம் போட்டு வந்ததில்லை.

வீட்டுக்கு வந்த ஏஜென்ட் நல்ல மனிதர்தான். "தம்பி, ப்ரொபோசல்ல கையெழுத்து மட்டும் வாங்கிக் குடுங்க, பழைய விவரமெல்லாம் போர்ட்டல்ல தானா வந்துரும், லெட்டர் எல்லாம் எதுக்கு" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் போட்ட சுற்றறிக்கைப்படி பழைய கம்பெனி 72 மணி நேரத்துக்குள் விவரங்களைப் பொதுத் தளத்தில் ஏற்ற வேண்டும், அது கிடைத்த 5 நாளுக்குள் புதிய கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் பாலிசியில் இரண்டு சிக்கல் இருந்தது. தளத்தில் ஏறுகிற விவரத்தை எங்கோ உட்கார்ந்து பார்க்கிற ஒருவருக்கு அதன் பின்கதை தெரியாது.

முதல் சிக்கல், காப்புத் தொகை நடுவில் ஏறியது. 2021 பிப்ரவரி 14இல் 3 லட்சத்துக்கு எடுத்தோம், 2024 பிப்ரவரியில் அதை 5 லட்சம் ஆக்கினோம். இப்போது கேட்பது 10 லட்சம். சில நோய்களுக்குக் க்ளெய்ம் கிடைக்கப் பாலிசி இத்தனை மாதம் ஓடியிருக்க வேண்டும் என்பதுதான் காத்திருப்புக் காலம். பழைய கம்பெனியில் ஓடின மாதங்களைப் புதிய கம்பெனி அதில் கழிக்க வேண்டும். ஆனால் அது பாலிசிக்கு மொத்தமாக ஓடுவதில்லை, பணத்தின் ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனியாக ஓடுகிறது. ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குப் புதிய கம்பெனி வைத்திருந்தது 36 மாதம், இப்போது சட்டப்படி உச்சமும் அதுதான். முதல் 3 லட்சம் ஐந்து வருடம் ஓடிவிட்டது, அதற்குப் பாக்கி எதுவும் இல்லை. அடுத்த 2 லட்சம் இரண்டு வருடம் ஓடியிருக்கிறது, அதற்கு இன்னும் 12 மாதம். புதிதாகச் சேரும் 5 லட்சத்துக்கு முழு 36 மாதம். இதைக் கேட்டதும் அப்பா, "அப்ப சர்க்கரைக்கு ஆஸ்பத்திரியில சேர்ந்தா மூணு லட்சம்தான் கிடைக்குமா" என்றார். முதல் வருடம் அப்படித்தான். ஒரு வருடம் போனால் ஐந்து, மூன்று வருடம் போனால் பத்து. அந்த மூன்றுகூடக் கிடைக்க வேண்டுமென்றால் ஐந்து வருடக் கணக்கை அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது சிக்கல்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. 2022இல் அப்பா ஒன்பது நாள் தாமதமாகப் பணம் கட்டியிருக்கிறார். பாலிசி விவரங்கள் அச்சிட்ட தாளை ஷெட்யூல் என்கிறார்கள். முதல் ஷெட்யூல் பிப்ரவரி 13இல் முடிகிறது, அடுத்தது 23இல் தொடங்குகிறது. பார்க்கிறவருக்கு அது இடைவெளி. உண்மையில் சலுகைக் காலம் 30 நாள், அதற்குள் கட்டினால் அந்த ஒன்பது நாளில் வந்த செலவுக்குப் பணம் கிடைக்காதே தவிர, தொடர்ச்சி அறுவதில்லை. ஆனால் யாராவது அதை முறிவு என்று குறித்துவிட்டால் முதல் வருடம் காணாமல் போகும். ஆரம்பத்திலிருந்து 60 மாதம் தொடர்ந்தால் மோசடியைத் தவிர வேறு காரணம் சொல்லி, எதையோ சொல்லாமல் விட்டீர்கள் என்று க்ளெய்மை மறுக்க முடியாது என்கிற மொராட்டோரியம் பாதுகாப்பும் அதோடு தள்ளிப்போகும்.

அதனால் ஒரு நாள் முழுக்கப் பழைய ரசீது தேடினோம். பீரோவில் இல்லை, அம்மாவின் ரேஷன் கார்டு உறையில் இருந்தது. மற்ற ஷெட்யூல்கள் நான்கு கிடைத்தன, 2023ஆம் வருடத்து ஒன்று மட்டும் இல்லை. அதற்காகப் பழைய கம்பெனிக் கிளைக்கு இரண்டு தடவை போனோம். முதல் தடவை சிஸ்டம் வேலை செய்யவில்லை, இரண்டாம் தடவை பத்து நிமிடத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து டீயும் வாங்கிக் கொடுத்தார்கள். ஊர் இப்படித்தான்.

இதையெல்லாம் விளக்கிப் புதிய கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினோம். ஆங்கிலத்தில்தான் போனது. பாலிசிதாரர் அப்பா என்பதால் அவர் பெயரில், அவர் கையெழுத்தில். அதன் முக்கியப் பகுதி தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"2021 பிப்ரவரி 14 முதல் எனக்கு மருத்துவக் காப்பீடு தொடர்ந்து இருக்கிறது. ஐந்து வருட ஷெட்யூல்களையும் இணைத்திருக்கிறேன். 2022 புதுப்பித்தல் சலுகைக் காலத்தின் 10ஆம் நாளில், 23.02.2022 அன்று செலுத்தப்பட்டது, ரசீது இணைப்பில் உள்ளது. ஆகவே தொடர்ச்சியில் முறிவு இல்லை. எனக்கு 2017 முதல் நீரிழிவும் 2019 முதல் இரத்த அழுத்தமும் உண்டு, இரண்டையும் ப்ரொபோசலில் தெரிவித்திருக்கிறேன். 2023 செப்டம்பரில் வலது கண் புரை அறுவைக்கு முந்தைய கம்பெனி பணம் வழங்கியது. இடது கண்ணிலும் புரை தொடங்கியிருப்பதாக மருத்துவர் குறித்திருக்கிறார்.

நான் கோரும் காப்புத் தொகை 10 லட்சம். அதில் முதல் 3 லட்சத்துக்கு 60 மாதமும், அடுத்த 2 லட்சத்துக்கு 24 மாதமும் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்பட வேண்டும். இந்தக் கழிவு ஏற்கெனவே உள்ள நோய்கள், குறிப்பிட்ட நோய்கள், ஆரம்ப 30 நாள், 60 மாத மொராட்டோரியம் நான்குக்கும் பொருந்தும். க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்காகக் காப்புத் தொகையோடு சேர்ந்திருக்கும் போனஸ் 50,000 ரூபாய்க்கும் இதே தொடர்ச்சியைக் கோருகிறேன். ஒவ்வொரு அடுக்குக்கும் மீதமுள்ள மாதங்களை ஷெட்யூலில் எழுத்தில் காட்டவும். ப்ரீமியம் செலுத்தும் முன் இதை மின்னஞ்சலில் உறுதி செய்யவும்."

இவ்வளவுதான். தயவுசெய்து, பெரிய மனது பண்ணி என்றெல்லாம் அப்பா சேர்க்கச் சொன்னார், நான் சேர்க்கவில்லை. சலுகை கேட்கிற கடிதம் இல்லை இது, விதிப்படி கூடவே வருகிற உரிமையைக் கணக்காக எழுதி வைப்பது. ஆனால் ஒன்று, நம்மைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும் என்று புதிய கம்பெனிக்குக் கட்டாயம் இல்லை. உடல்நிலையைப் பார்த்து மறுக்கலாம், ப்ரீமியத்தைக் கூட்டலாம். சேர்த்துக்கொண்ட பிறகு ஓடின மாதங்களைக் கழிக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒப்புதல் கையில் வரும்வரை பழைய பாலிசியை விடக்கூடாது.

சர்க்கரையை எழுத வேண்டாம், ப்ரீமியம் ஏறும் என்றார் ஏஜென்ட். அது எங்களுக்கே வெட்டு. சொல்லி, அவர்கள் ஏற்றுக்கொண்ட நோய்க்குத்தான் காத்திருப்புக் காலம் முடிந்து காப்பு வரும். சொல்லாத நோய்க்கு எத்தனை மாதம் ஓடினாலும் சண்டைதான். அப்பா முதல் பாலிசியிலேயே எழுதியிருந்தார் என்பதால் இங்கே மறைத்தால் தளத்தில் வருகிற பழைய விவரமும் இதுவும் ஒத்துப்போகாது.

டிசம்பர் 29ஆம் தேதி தஞ்சாவூர்க் கிளைக்கு நேரில் போய்க் கொடுத்தோம். நகலில் சீல், தேதி, கையெழுத்து வாங்கினேன். கவுன்ட்டரில் இருந்தவர், "இதுக்கெல்லாம் நாங்க அக்னாலஜ்மென்ட் குடுக்கறதில்ல சார்" என்றார். அப்படியானால் மேலாளரைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சீல் விழுந்தது.

அப்புறம் இரத்தப் பரிசோதனை, ஒரு டாக்டர் போனில் விசாரித்தது, எல்லாம் சட்டென்று நடந்தது. ப்ரீமியத்தில் கொஞ்சம் கூடுதல் போட்டுப் பாலிசியை ஏற்பதாக மின்னஞ்சல் வந்தது. காத்திருப்புக் காலம் பற்றி ஒரு வரி: "போர்ட்டபிலிட்டி விதிகளின்படி." அதோடு விட்டிருக்கக் கூடாது, அடுக்கு அடுக்காகக் கேட்டு எழுதி வாங்கின பிறகுதான் பணம் கட்டியிருக்க வேண்டும். ஊர் திரும்பும் அவசரத்தில் கட்டிவிட்டேன், என் தப்பு.

விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் ஷெட்யூல் வந்தது. பிப்ரவரி 23லிருந்து காப்பு. பாலிசி முதலில் தொடங்கிய தேதி என்ற கட்டத்தில் 23/02/2026. நீரிழிவுக்கு எதிரே 36 மாதம், 10 லட்சத்துக்கும் சேர்த்து. கண்புரைக்கு 24 மாதம். அதாவது இடது கண்ணுக்கு அறுவை என்றால் 2028 வரை காத்திருக்க வேண்டும். ஷெட்யூல் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதிக் கட்டத்தைத்தான். அதில் பழைய தேதி இல்லை என்றால் கீழே எதுவும் சரியாக இருக்காது.

சீல் போட்ட நகலை இணைத்து, ஷெட்யூலைத் திருத்தி எண்டார்ஸ்மென்ட் அனுப்புங்கள், இல்லாவிட்டால் பிடிக்காத பாலிசியைத் திருப்பிக் கொடுக்க இருக்கிற 30 நாள் ஃப்ரீ லுக் காலத்துக்குள் ரத்து செய்துவிட்டுப் பழைய பாலிசியையே புதுப்பிப்போம் என்று மின்னஞ்சல் போட்டேன். பழையது முடிய மூன்று வாரம் இருந்தது, அதனால் அது வெற்று மிரட்டல் இல்லை. ஐந்தாம் நாள், நான் மெல்பர்ன் வந்து சேர்ந்தபின், திருத்தம் வந்தது. தொடக்கத் தேதி 14/02/2021. 3 லட்சத்துக்கு எதுவும் இல்லை, 2 லட்சத்துக்கு 12 மாதம், மீதிக்கு 36. கண்புரைக்கு முதல் 5 லட்சம்வரை காத்திருப்பு இல்லை, இடது கண்ணுக்கு அது தாராளம்.

50,000 போனஸுக்கு மட்டும் தனி வரி இல்லை, புதிய 5 லட்சத்துக்குள் அதையும் போட்டு 36 மாதம் ஆக்கியிருக்கிறார்கள். கடிதத்தில் அந்தப் பத்தியைச் சுட்டிக்காட்டிக் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதியிருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கிற காப்பீட்டு ஓம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். அப்பாவுக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை, மார்ச்சில் கண்ணைக் காட்ட நாள் வாங்கிவிட்டார்.