நெதர்லாந்தில் குட்டை, நெல்லையில் சரி: லீவுக்கு வரும் பிள்ளைகளின் உயரக் கணக்கு

நெதர்லாந்திலிருந்து லீவுக்கு வரும் நெல்லைக் குடும்பங்கள் பலவற்றின் பையில் ஒரு வளர்ச்சிப் படம் இருக்கும். பிள்ளையின் புள்ளி அதில் கடைசிக் கோட்டுக்குக் கீழே கிடக்கும். பாளையங்கோட்டையில் ஒரு குழந்தை மருத்துவரிடமோ, தெருவிலுள்ள அங்கன்வாடியிலோ காட்டினால் "உயரம் சரியாத்தான இருக்கு" என்பார்கள். இரண்டு இடத்திலும் அளவு ஒன்றேதான். வேறுபடுவது அளவை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பது.

நான்கு வயது முடிந்த ஒரு பையன் 96 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் ஐந்து வயது வரை பயன்படுவது உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட தரப்படம். அதில் இந்த வயதுப் பையனின் நடு உயரம் 103.3 செ.மீ., குட்டை என்று சொல்லும் எல்லை 94.9 செ.மீ. ஆகவே 96 எல்லைக்கு மேலேதான் நிற்கிறது. நடுவிலிருந்து சுமார் 1.7 படி கீழே (ஒரு படி என்பது இந்த வயதில் ஏறக்குறைய 4.2 செ.மீ.). டச்சுப் படத்தின் நடுக்கோடு இதைவிட உயரத்தில் ஓடுவதால், அதே 96 அங்கே குட்டை எல்லையான இரண்டு படிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

காரணம் படம் உண்டான விதத்தில் இருக்கிறது. தேசியப் படம், அந்த நாட்டுப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதை அளந்து எழுதியது. நெதர்லாந்தின் ஆண்கள் சராசரியாக 183.8 செ.மீ. வளர்கிறார்கள் என்று 2009-இன் அளவெடுப்பு சொன்னது. உலகிலேயே நெடிய மக்கள் அவர்கள். சர்வதேசத் தரம் வேறு கேள்வி கேட்டது: தாய்ப்பால், நோய்த் தடுப்பு, புகைபிடிக்காத தாய் என்று தடை எதுவும் இல்லாத பிள்ளை எப்படி வளரும்? பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, இந்தியா என ஆறு நாடுகளில் அளந்தார்கள். இந்தியாவுக்கு டெல்லியில் வசதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகள். சின்னப் பிள்ளைகளின் நீளத்தில் இருந்த வேறுபாட்டில் சுமார் 3 சதவீதம்தான் ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடு. மிகப் பெரும்பகுதி ஒரே ஊருக்குள் பிள்ளைக்குப் பிள்ளை இருந்தது.

அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாட்டில் பெற்றோரின் உயரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. "அப்பனைப் போலத்தான இருக்கான்" என்று ஆச்சி சொல்வதைக் கணக்காகவே போடலாம். பையனுக்கு, தாய் தந்தை உயரங்களைக் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். பெண்ணுக்கு 13-ஐக் கழிக்க வேண்டும். அப்பா 166, அம்மா 152 என்றால் பையன் எட்டக்கூடியது 165.5 செ.மீ. வாக்கில். டச்சு ஆண்களின் நடுவிலிருந்து இது இரண்டரைப் படி கீழே. உலக சுகாதார நிறுவனத்தின் படத்தில் ஒன்றரைப் படி கீழே. நான்கு வயதில் பையன் நிற்பதும் ஏறக்குறைய அதே இடங்களில்தான். வீட்டுக்கு ஏற்ற உயரம் அது, நோய் அல்ல. முன்னாள் டச்சுக் காலனியான சுரிநாம் வழி வந்த இந்திய வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று நெதர்லாந்தில் தனிப் படமும் உண்டு; அங்குள்ள டாக்டரிடம் அதையும் வைத்துப் பார்க்கக் கேட்கலாம்.

ஊரில் அளக்கும்போது அதிகம் தப்புவது வயதில். "நாலு நடக்குது" என்று ஆச்சி சொன்னதை அப்படியே நான்கு என்று எழுதிவிடுவார்கள். மூன்றரை வயதுப் பையனுக்கு நடு உயரம் 100 செ.மீ.யை ஒட்டித்தான், அவன் 96 இருந்தால் ஒரு படிதான் கீழே. நான்கு என்று எழுதினால் 1.7 படி ஆகிவிடும். பிறந்த தேதியைக் கொடுத்து, முடிந்த மாதங்களை எண்ணச் சொல்லுங்கள்.

அடுத்து தலை. பெண் பிள்ளைக்குக் கொண்டையும் மல்லிகைச் சரமும் இருந்தால் அவிழ்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். பலகை மண்டையில் பட வேண்டும், பூவில் அல்ல. செருப்பில்லாமல், குதிகால் சுவரோடு ஒட்டி, பார்வை நேராக. இரண்டு முறை அளந்து, அரை செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் அளக்க வேண்டும். இரண்டு வயதுக்குள் படுக்கவைத்து அளப்பார்கள். படுத்த அளவு நின்ற அளவைவிட 0.7 செ.மீ. கூடுதல் வரும் என்பதால், எப்படி அளந்தார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் திரும்பிப் போய் அளக்கும்போது பிள்ளை வளரவே இல்லை என்று தோன்றும்.

நெல்லையில் "சரி" என்று சொன்னதை வைத்து டச்சு டாக்டரின் கவலையை ஒதுக்கிவிடவும் கூடாது. ஒரு புள்ளியைவிட வேகம் முக்கியம். நான்கு வயதுக்கு மேல், பருவம் வரும்வரை, வருடத்துக்கு 5 முதல் 6 செ.மீ. வளர வேண்டும். 4-க்கும் குறைந்தால், அல்லது பெற்றோர் கணக்கிலிருந்து பிள்ளை வெகுவாக விலகி நின்றால், எந்தப் படத்தில் எங்கே இருந்தாலும் தைராய்டு, கோதுமை ஒவ்வாத குடல்நோய், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஒரு மாத லீவில் இந்த வேகம் தெரியாது, அரை செ.மீ. வளர்ச்சி அளக்கும் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். குறைந்தது ஆறு மாத இடைவெளி, முடிந்தால் ஒரே கருவி, ஒரே படம். ஐந்து வயது தாண்டினால் இங்குள்ள பல டாக்டர்கள் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 படத்துக்கு மாறுவார்கள். அதுவும் தேசியப் படம்தான். ஆகையால் சீட்டில் "நார்மல்" என்று மட்டும் எழுதி வாங்காமல், தேதி, செ.மீ., எந்தப் படம் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள்.