கை கால் நீண்ட உயரமான இளைஞர்: கால்மனா, கிளைன்ஃபெல்டரா?

19 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 184 செ.மீ. கைகளை விரித்தால் 193 செ.மீ. மீசை அரும்பவில்லை, குரலும் உடையவில்லை. மணிக்கட்டு எக்ஸ்ரே எலும்பின் வயது 14 என்கிறது. பருவமடைதலைப் பாதிக்கும் இரண்டு பிறவிக் குறைபாடுகளான கால்மன், கிளைன்ஃபெல்டர் இரண்டில் எது காரணம் என்பதே கேள்வி.

எலும்பு நீள்வது அதன் முனையில் உள்ள வளர்ச்சித் தட்டால்; ஆண்களிலும் அதை மூடி வளர்ச்சியை நிறுத்துவது ஈஸ்ட்ரோஜன்தான்; டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. 1994-இல் வெளியான ஓர் ஆய்வறிக்கையில் இதற்கு நேரடிச் சான்று கிடைத்தது. ஈஸ்ட்ரோஜனை உணர முடியாத 28 வயது ஆண் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருந்தும் தட்டுகள் மூடவில்லை. 204 செ.மீ. உயரத்திலும் வளர்ந்துகொண்டே இருந்தார். ஹார்மோன் தாமதமானால் கை கால் எலும்புகள் மெல்ல நீண்டுகொண்டே போகும். முதுகெலும்பு வேகமெடுப்பதோ பருவமடையும்போதுதான், அதனால் உடல் குட்டையாகத் தெரியும்.

உடலின் இணைப்புத் திசுவைப் பாதிக்கும் பிறவி நோயான மார்ஃபானிலும் கை கால் நீளும். ஆனால் அதில் பருவமடைதல் வழக்கம்போல் நடக்கும் என்பதால் இவரைப் பொறுத்தவரை அதை ஓரமாக வைக்கலாம். இதயத்தின் மகாதமனியைப் பார்க்க எக்கோ எடுப்பது நல்லதுதான்.

மீதி இரண்டு. கிளைன்ஃபெல்டரில் ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதல். உயரத்தைக் கூட்டும் ஒரு மரபணுவும் அதோடு கூடுதலாக வருவதால் சிறுவயதிலேயே கால்கள் நீளத் தொடங்கும். கைவிரிப்பு அந்த அளவுக்கு அதிகரிக்காது. பருவம் பெரும்பாலும் நேரத்தில் தொடங்கி, அப்புறம் தளரும். விரைகள் சிறிதாக, கெட்டியாக இருக்கும். கால்மனில் மூளையிலிருந்து விரைக்கு உத்தரவே போகாது. பருவம் தொடங்குவதே அரிது. கையும் காலும் சேர்ந்தே நீளும். பலருக்கு வாசனையும் தெரியாது. மல்லிகை, காப்பித்தூள் வாசனை தெரிகிறதா என்று இவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். பலர் தாமாகச் சொல்வதில்லை, பிறவியிலேயே அறியாததை எப்படிச் சொல்வார்கள்?

தீர்ப்பு சொல்வது காலை நேர ரத்தப் பரிசோதனை. இரண்டிலும் டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்கலாம். விரையைத் தூண்ட மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்களான எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டும் உயர்ந்திருந்தால் கிளைன்ஃபெல்டர் பக்கம். குரோமோசோம் சோதனை உறுதிசெய்யும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும் அவை ஏறாமல் இருந்தால் கால்மன் பக்கம். நோய் இல்லாமல் பருவம் மட்டும் தாமதமாகும் இளைஞர்களிடமும் இப்படித்தான் இருக்கும், ஆனால் 19 வயதில், வாசனையும் தெரியாவிட்டால், நான் கால்மன் என்றே எடுப்பேன்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, ரத்தம் எடுக்கும் முன்பே டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுவிடுவது. அந்த ஊசி எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். அளவுகளை இறக்கிவிடும், கிளைன்ஃபெல்டரும் கால்மன்போல் தெரியலாம்.

பெயர் தெரிந்தால் வழியும் மாறும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி இரண்டு குறைபாட்டிலும் தட்டுகளை மூட உதவும். ஏற்கெனவே நீண்ட எலும்பைக் குறைக்காது. ஆனால் குழந்தை வேண்டும் எனும்போது, கால்மனில் விரையைத் தூண்டும் ஹார்மோன் ஊசிகளால் விந்து உற்பத்தி தொடங்க நல்ல வாய்ப்பு உண்டு, மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். கிளைன்ஃபெல்டரில் அந்த ஊசிகளால் பெரிய பலன் இல்லை. அறுவை மூலம் விரைக்குள் விந்தணுவைத் தேடுவதே பெரும்பாலும் மீதமிருக்கும் வழி.