ஒரே பனல், இரண்டு கொன்ட்ரோலர்: நிலாவெளிக் கொட்டிலில் அளந்து பார்த்தது

நிலாவெளியில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கொட்டிலுக்கு இன்னும் மின்கம்பி வரவில்லை. கூரையில் 275 வாட் பனல் ஒன்று, கீழே 120 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி ஒன்று, இரண்டுக்கும் நடுவே, பனலின் மின்சாரத்தைப் பற்றரிக்கு அளவோடு விடும் சார்ஜ் கொன்ட்ரோலர். முதலில் வாங்கிய கொன்ட்ரோலரின் முகப்பில், பனலின் உச்ச வாட்டைத் தேடிப் பிடிக்கும் வகை என்பதைக் குறிக்க எம்.பி.பி.டி என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். நான்கு மாதம் கழித்து கிளாம்ப் மீற்றரைப் போட்டுப் பார்த்தபோதுதான் அது சாதாரண பி.டபிள்யூ.எம் பெட்டி என்று தெரிந்தது. அதைக் கழற்றிவிட்டு உண்மையான எம்.பி.பி.டி ஒன்றைப் பூட்டினேன். பனல், பற்றரி, கம்பி எதையும் மாற்றவில்லை. அதனால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடிந்தது.

வெயில் ஏறிய ஒரு நண்பகலில் பழைய பெட்டியில் அளந்தபோது பனல் பக்கம் 13.1 வோல்ட், 8.6 அம்பியர். பற்றரிக்குப் போனதும் அதே 8.6 அம்பியர்தான். பெருக்கிப் பார்த்தால் சுமார் 113 வாட். 275 வாட் பனலில் பாதிகூட வரவில்லை. புதியதைப் பூட்டியபின் அதேபோன்ற வெயிலில் பனல் பக்கம் 26.8 வோல்ட், 8.4 அம்பியர். பற்றரிப் பக்கம் 13.2 வோல்ட், 16.2 அம்பியர். அதாவது 225 வாட் உள்ளே போய், 214 வாட் வெளியே வந்தது. மீதி கொன்ட்ரோலரின் முதுகில் சூடாகப் போய்விட்டது.

ஏன் இந்த வித்தியாசம்? பி.டபிள்யூ.எம் என்பது அடிப்படையில் ஒரு சுவிட்ச். பனலை நேரே பற்றரியோடு இணைத்துவிட்டு, பற்றரி நிரம்பும் தறுவாயில் விட்டுவிட்டு இணைக்கும். இணைந்திருக்கும் நேரமெல்லாம் பனல் பற்றரியின் வோல்டுக்கு இறங்கி நிற்க வேண்டியதுதான். என் பனலில் 60 செல்கள். அது 31 வோல்டில் 8.9 அம்பியர் தரும் என்று பின்புறத்து லேபிள் சொல்கிறது. 13 வோல்டுக்கு இழுத்துவிட்டால் அம்பியர் அதற்கேற்பக் கூடிவிடாது. வெயில் எவ்வளவோ அவ்வளவு அம்பியர்தான். மிச்சமிருந்த வோல்ட் யாருக்கும் பயன்படாமல் போகிறது.

எம்.பி.பி.டி பனலை அதற்குப் பிடித்த, அதிக வாட் தரும் வோல்டிலேயே நிற்கவிடுகிறது. உள்ளே இருக்கும் மின்சுருளும் வேகமான சுவிட்சுகளும் அந்த வோல்டைக் குறைத்து அம்பியராக மாற்றிப் பற்றரிக்கு அனுப்புகின்றன. பிடித்த வோல்ட் எது என்பதை அது தடவித்தான் கண்டுபிடிக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு கோணேசர் மலை ஏறுகிறவர் காலால் தடவுவதுபோல வோல்டைச் சிறிது கூட்டும், வாட் ஏறினால் அதே திசையில் இன்னொரு அடி வைக்கும், இறங்கினால் திரும்பிவிடும். வெயிலில் காய்ந்து பனல் 60 பாகை சூடேறும்போது உச்சி கீழிறங்குகிறது. லேபிளில் 31 என்றிருந்தது எனக்கு 26.8 ஆனது அதனால்தான். அந்த இறக்கத்தையும் அது தானே பின்தொடர்கிறது.

ஆனால் நான் எம்.பி.பி.டியின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் வாட் கணக்கு அல்ல, பற்றரி. இரண்டு மின்விசிறி, விளக்கு, கைபேசி எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு எங்களுக்கு 50 அம்பியர்-மணி போகிறது. ஈய அமிலப் பற்றரியில் எடுத்ததைவிடச் சற்றுக் கூடுதலாகத் திருப்பிப் போட வேண்டும். 55 என்று வையுங்கள். நல்ல வெயில் ஐந்து மணி நேரம் கிடைத்தால் பழைய பெட்டி 43 போடும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கடன். அமிலத்தின் அடர்த்தி முழுச் சார்ஜில் 1.265 அளவில் இருக்க வேண்டும். என் ஐதரோமீற்றர் நான்கு மாதமும் 1.2ஐத் தாண்டவில்லை. அப்படிப் பாதி வயிற்றோடு கிடக்கும் பற்றரியின் தகடுகளில் ஈய சல்பேற்று கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் அது முழுதாகக் கரையாது. எம்.பி.பி.டி அதே ஐந்து மணி நேரத்தில் 80 அம்பியர்-மணிவரை கொடுக்கக்கூடியது. இப்போது பெரும்பாலும் பின்னேரம் இரண்டு மணிக்குள் பற்றரி நிறைவை நெருங்கிவிடுகிறது. அதன்பின் கொன்ட்ரோலர் உச்சியை விட்டு விலகி, பற்றரி கேட்பதை மட்டும் கொடுக்கும். அந்த நேரத்தில் இரண்டு வகைக்கும் வித்தியாசம் இல்லை. விலை எனக்குப் பழையதைப்போல மூன்று மடங்கு. கெட்டுப்போகும் பற்றரியின் விலையைப் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் பார்த்தேன்.

இதைக் கேட்ட மச்சான் குச்சவெளியில் உள்ள தன் மீன்வாடிக்கும் ஒன்று வாங்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவருடையது 36 செல் உள்ள 100 வாட் பனல். லேபிளில் 18 வோல்ட், 5.5 அம்பியர். நம் வெயிலில் சூடேறியதும் அந்த 18, சுமார் 15.5 ஆகிவிடும். பற்றரி 13.1இல் இருந்தால் பி.டபிள்யூ.எம் 69 வாட் எடுக்கும், எம்.பி.பி.டி தன் இழப்புப் போக 76 வாட்டளவில் எடுக்கும். பற்றரி 14.2க்கு ஏறியதும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கீழே இறக்குவதற்கு உபரி வோல்ட் இல்லாத இடத்தில் எம்.பி.பி.டிக்குச் செய்ய அதிக வேலை இல்லை. இரவில் இரண்டு விளக்கு எரியும் அவருடைய வாடிக்குப் பி.டபிள்யூ.எம் தாராளமாகப் போதும்.

நிழல் விடயத்தில் எம்.பி.பி.டி எதிர்பார்த்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. காலையில் தென்னோலை நிழல் பனலின் ஒரு ஓரத்தில் விழும். 60 செல்லும் மூன்று பிரிவாக இருப்பதால் நிழல் பட்ட பிரிவு வேலையிலிருந்து விலகி, உச்சி 18 வோல்ட் பக்கம் வந்துவிடுகிறது. என் கொன்ட்ரோலர் சில நாள் அதைக் கண்டுபிடித்து இறங்குகிறது; சில நாள் 27 பக்கத்துச் சிறு மேட்டையே உச்சி என்று எண்ணி, ஓரிரு அம்பியரோடு நின்றுவிடுகிறது. பழைய பெட்டி 13 வோல்டிலேயே நின்றதால் அந்த நேரத்தில் அதுவே கூடுதலாக எடுத்தது. ஓலையை வெட்டியபின் இந்தத் தொல்லை இல்லை.

வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் எழுத்தை நம்ப வேண்டாம். கையில் தூக்கிப் பாருங்கள்; மின்சுருளும் வெப்பம் கடத்தும் அலுமினியமும் உள்ள எம்.பி.பி.டி கனமாக இருக்கும். பூட்டியபின், பற்றரி பாதி இறங்கியிருக்கும் முற்பகலில், நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீற்றரால் இரண்டு பக்கக் கம்பியையும் அளந்து பாருங்கள். 60 செல் பனலோடு 12 வோல்ட் பற்றரி என்றால் பற்றரிப் பக்கத்து அம்பியர் தெளிவாகக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்து, பனல் வோல்டும் பற்றரி வோல்டும் ஒட்டி நின்றால் அது பி.டபிள்யூ.எம். உள்ளீட்டு வோல்ட் எல்லையையும் பாருங்கள்: பாரமின்றி இருக்கையில் என் பனல் 38 வோல்ட் காட்டும், இரண்டைத் தொடராக இணைத்தால் 76. அந்த எல்லையைத் தாண்டினால் கொன்ட்ரோலர் எரிந்துவிடும்.

மாரியில் எப்படி என்று கேட்கிறார்கள். நான் பார்த்தது இரண்டு மாரிதான். மூட்டமான நாளில் வாட் இரண்டிலுமே அற்பம். ஆனால் பனல் குளிர்ந்திருப்பதால் வோல்ட் உயர்ந்து நிற்கிறது, பற்றரி தாழ்ந்து கிடக்கிறது, ஆகவே கிடைக்கும் கொஞ்சத்தில் எம்.பி.பி.டி தரும் கூடுதல் பங்கு மேலும் பெரிதாகத்தான் தெரிந்தது. கடற்காற்றில் எத்தனை வருடம் தாங்கும் என்பதை இன்னும் சில வருடம் போனால்தான் சொல்லலாம். இதுவரை முனைத் திருகுகளில் மட்டும் பச்சை பூத்தது. சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன்.

மச்சான் இப்போது ஐஸ் பெட்டிக்காக ஒரு 60 செல் பனலை விலை பேசியிருக்கிறார். அது வரும் நாளில் அவருக்கும் கொன்ட்ரோலரை மாற்றிக் கொடுப்பேன்.